பேரேட்டின் நடு இடுக்கில் விழும் நிழல்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

தடித்த பைண்டிங் உள்ள பதிவேட்டையோ டைரியையோ ஸ்கேன் செய்தால் இரண்டு பக்கங்களும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுகிறது. எல்லோரும் அதை ‘நிழல்’ என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். தாள் கண்ணாடியை விட்டு எழும்புவதால் வெளிச்சம் குறைகிறது. எழும்பிய இடம் ஃபோகஸுக்கு வெளியே போய் எழுத்து மங்குகிறது. தாள் சரிவாக நிற்பதால் வரிகள் வளைகின்றன அல்லது எழுத்துகள் நெருக்குண்டு ஒல்லியாகின்றன. முதலாவதை மென்பொருளால் நன்றாகவே சரிசெய்யலாம். மூன்றாவதை ஓரளவு சரிசெய்யலாம். இரண்டாவதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது; ஸ்கேனரிடம் திரும்பிப் போகத்தான் வேண்டும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் பலருடைய நேரம் வீணாகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, அணாக் காலத்து ஜவுளிக்கடைப் பேரேடு ஒன்று. தாள் எட்டரை அங்குல அகலம், பதின்மூன்றரை அங்குல உயரம். முதுகு ஐந்து சென்டிமீட்டர் தடிமன். இந்த மாதிரிப் பேரேட்டில் தொகை எழுதும் கட்டங்கள் பக்கத்தின் வலது ஓரத்தில் இருக்கும். தேதிக் கட்டம் இடது ஓரத்தில் இருக்கும். ஆகவே இடப்பக்கத்தின் ரூபாய், அணா, பை கட்டங்களும் வலப்பக்கத்தின் தேதியும் நேராக இடுக்குக்குள் போய் விழுகின்றன. ‘ஓரம்தானே, போனால் போகட்டும்’ என்று நிழலை வெட்டி எறிய முடியாததற்கு இதுதான் காரணம். விவரம் எழுதிய நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். எவ்வளவு தொகை என்பது மட்டும் இருட்டில் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது

ஸ்கேனர் மென்பொருளில் தானாக மெருகேற்றும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, 300 டிபிஐ அளவில், வண்ணத்தில், டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக ஒரு விரிப்பை எடுங்கள். ஜேபெக் வேண்டாம். அது இருண்ட பகுதிகளில் நுண்விவரங்களைச் சுருக்கிக் கட்டம் கட்டமாக்கிவிடும். பிறகு அந்தப் பகுதியை வெளிச்சமாக்கினால் எழுத்தைவிடக் கட்டங்கள்தான் தெளிவாகத் தெரியும்.

படத்தை ஜிம்ப் போன்ற எந்த மென்பொருளிலும் திறந்து, நூறு சதவீத அளவில் வைத்து, இடுக்கின் அருகே உள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, கரைந்திருக்கிறதா? ஏட்டிலேயே அச்சிட்ட கிடைக்கோடு இடுக்கை நோக்கி நேராகப் போகிறதா, வளைகிறதா? அச்சிட்ட நெடுக்கோடுகளுக்கு இடையிலான கட்டம் குறுகுகிறதா? பேரேட்டில் இந்தக் கோடுகள் இருப்பது பெரிய வசதி. அளவுகோலைப் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கோடில்லாத டைரியில் இந்த வசதி கிடையாது. அங்கே எழுதப்பட்ட வரியின் அடிமட்டத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அறிகுறி: இருட்டாக இருக்கிறது, ஆனால் எழுத்து கூர்மையாக இருக்கிறது

இது மிக எளிதான கோளாறு. வண்ணம் எடுக்கும் கருவியால் நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: வெளிச்சமான பகுதியில் வெறுந்தாள், அங்குள்ள மை, நிழலில் வெறுந்தாள், அங்குள்ள மை. நம் பேரேட்டின் ஒரு பக்கத்தில் வெளிச்சமான தாள் 225, மை 70 என்று வைத்துக்கொள்வோம். நிழலில் தாள் 90, மை 30. முழு வெள்ளை 255.

இப்போது பிரகாசத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? தாளை 90-இலிருந்து 225-க்குக் கொண்டுவர 135 கூட்ட வேண்டும். மையும் 30-இலிருந்து 165-க்குப் போய்விடும். தாள் வெளுத்தது, மையும் வெளுத்தது. பலர் ‘நிழலை எடுத்தால் எழுத்தும் போய்விடுகிறது’ என்று சொல்வது இதைத்தான்.

கூட்டலுக்குப் பதில் வகுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் மை, தாளின் 0.31 பங்கு. நிழலில் 0.33 பங்கு. ஏறக்குறைய ஒன்றேதான். வெளிச்சம் குறையும்போது தாளும் மையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத் தாளின் பிரகாசத்தால் வகுத்துவிட்டால் நிழல் தானாக நீங்கிவிடும். மை கறுப்பாகவே நிற்கும். கட்டளைகளால் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் இதற்கு ஒரே கட்டளை போதும்:

```
magick in.tif \( +clone -morphology Close Disk:9 -blur 0x12 \) -compose Divide_Src -composite out.png
```

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் அடைப்புக்குறிகளுக்கு முன்னால் உள்ள சாய்கோடுகளை நீக்கிவிட வேண்டும். அடைப்புக்குறிக்குள் நடப்பது இது: படத்தின் ஒரு நகலில் மெல்லிய கறுப்புக் கோடுகள் அனைத்தும் சுற்றியுள்ள தாளின் நிறத்தால் மூடப்படுகின்றன. எழுத்தே இல்லாத, நிழல் மட்டும் உள்ள ஒரு தாள் மிஞ்சுகிறது. அதைச் சற்று மென்மையாக்கி, மூலப்படத்தை அதனால் வகுக்கிறோம். `Disk:9` என்பது சுமார் 19 புள்ளி அகலம் வரையுள்ள கோடுகளை மூடும். 300 டிபிஐ அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பேனா எழுத்துக்குப் போதும். 600 டிபிஐயில் எடுத்திருந்தால் 18 என்று மாற்றுங்கள், கணினி மெதுவாகிவிடும் என்பதைப் பொறுத்துக்கொண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பேரேட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தாலோ, ரப்பர் முத்திரையின் தடித்த பட்டை இருந்தாலோ, அது ஒன்றரை மில்லிமீட்டரைவிட அகலமானது. கட்டளை அதையும் ‘தாளின் நிழல்’ என்று எண்ணி வெளுத்துவிடும். ஸ்டாம்ப் இருந்த இடத்தில் விளிம்புக்கோடும் உள்ளே பேய்போல ஒரு சாயலும்தான் மிஞ்சும். அதற்காக வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. ஜிம்பில் மூலப்படத்தை அடியிலும் வகுத்த படத்தை மேலடுக்கிலும் வைத்து, மேலடுக்குக்கு ஒரு மறைப்பு போட்டு, இடுக்கை ஒட்டிய மூன்று நான்கு சென்டிமீட்டர் பட்டையில் மட்டும் வகுத்த படம் தெரியும்படி செய்வதே நல்லது. மறைப்பின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டால் சேர்ந்த இடம் தெரியாது. தாளின் பழுப்பு நிறமும் மற்ற இடங்களில் அப்படியே இருக்கும். வெள்ளைவெளேரென்ற பழைய கணக்கைப் பார்க்க எனக்கு என்னவோ சந்தேகமாகவே இருக்கிறது.

நிழலில் தாள் 15, மை 10 என்று வந்தால் வகுக்க எதுவும் இல்லை. அங்கே ஸ்கேனருக்கு வெளிச்சமே எட்டவில்லை. வகுத்தால் பொடிப்பொடியாக இரைச்சல்தான் வரும். கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போங்கள்.

இன்னொன்று. சிலர் நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்துவிட்டு, இடுக்கு முழுவதும் கறுப்புத் திட்டாகிவிட்டதே என்று கேட்கிறார்கள். பக்கம் முழுமைக்கும் ஒரே எல்லையை வைத்து ‘இதற்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை’ என்று ஸ்கேனர் முடிவுகட்டிவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க ஒன்றும் இல்லை. வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ மறுபடி எடுத்தாக வேண்டும்.

அறிகுறி: இருட்டும் இருக்கிறது, எழுத்தும் மங்கலாக இருக்கிறது

இங்கே உங்கள் ஸ்கேனர் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். மெலிந்து, யுஎஸ்பி கம்பி ஒன்றிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவற்றில் உணரி கண்ணாடிக்கு மிக அருகே இருக்கும். கண்ணாடியை ஒட்டிய தாளை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். சிசிடி வகை தடிமனாக இருக்கும், தனி அடாப்டர் இருக்கும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் இருக்கும். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் எழும்பியதையும் தெளிவாகப் பார்க்கும். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒன்றிலேயே மூன்று வேலைகளும் செய்யும் பிரிண்டர்களில் இருப்பது பெரும்பாலும் முதல் வகைதான்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். பதினைந்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைக் கண்ணாடிமேல் எண்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள். ஒரு முனை கண்ணாடியைத் தொடட்டும். மறுமுனையின் கீழே பத்து மில்லிமீட்டர் உயரத்துக்கு அழிப்பான் ஒன்றை வையுங்கள். இப்போது ஒவ்வொரு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் அளவுகோல் ஒரு மில்லிமீட்டர் எழும்புகிறது. ஸ்கேன் செய்து, எந்த எண்ணுக்குமேல் மில்லிமீட்டர்க் கோடுகள் ஒன்றோடொன்று கரைகின்றன என்று பாருங்கள். மூன்றாவது சென்டிமீட்டரில் கரைந்தால் உங்கள் ஸ்கேனருக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் பார்வை. கடைசி வரை கோடுகள் பிரிந்து தெரிந்தால் பத்து மில்லிமீட்டரும் பிரச்சினை இல்லை. நிழலும் எந்த உயரத்தில் எவ்வளவு விழுகிறது என்பது அதே படத்தில் தெரியும்.

முடிவு இரண்டு மில்லிமீட்டர் என்று வந்தால், தாளை இடுக்குவரை கண்ணாடியோடு சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கூர்மையாக்கும் வசதியைப் போட்டால் மங்கிய எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும், எண் வராது.

சேர்ப்பதற்கு முதல் தடை, பெரும்பாலும் யாரும் கவனிக்காதது, ஸ்கேனரின் சட்டம். ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி ஏறக்குறைய 21.6 சென்டிமீட்டர் அகலம். நம் பேரேட்டின் தாளும் எட்டரை அங்குலம், அதாவது அதே 21.6 சென்டிமீட்டர். பக்கம் முழுதும் கண்ணாடிக்குள் வரட்டும் என்று ஒழுங்காகப் பொருத்திவைத்தால், முதுகு சரியாகப் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் உட்காருகிறது. சட்டம் கண்ணாடியைவிடச் சற்று மேடாக இருக்கும் ஸ்கேனர்களில் அந்த மேடு இடுக்கைத் தூக்கிவிடுகிறது. பக்கத்தைப் பொருத்தமாக வைத்ததே மங்கலுக்குக் காரணமாகிவிடுகிறது.

ஆகவே ஒரு பக்கத்தை இரண்டு முறை எடுங்கள். ஒரு முறை பக்கம் முழுவதும் வருகிற மாதிரி, வழக்கம்போல. இரண்டாவது முறை பேரேட்டை நகர்த்தி, இடுக்கு கண்ணாடிக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி விழும்படி வையுங்கள். வெளியோரம் எதிர்ப்புறச் சட்டத்தின் மேல் ஏறிப்போகட்டும், அது முதல் படத்தில் வந்துவிட்டது. இந்த இரண்டாவது படம் தொகைக் கட்டங்களுக்காக மட்டும். உயரத்திலும் ஏ4 கண்ணாடி போதாது. பதின்மூன்றரை அங்குலத் தாளுக்கு மேல்பாதி கீழ்பாதி என்று எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் பக்கத்துக்கு நான்கு படங்கள். அலுப்பான வேலைதான். எல்லாப் பக்கங்களுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை: ஏட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இடுக்கு ஆழமில்லாமல் இருக்கும், நடுப்பகுதியில்தான் இரண்டு பக்கக் கட்டுகளும் சரிந்து பள்ளம் ஆழமாகும். முதல் சில பக்கங்களைச் சோதித்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று முழு ஏட்டையும் எடுத்துவிடாதீர்கள். சோதனைக்கு நடுவிரிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மூடியை வைத்து அழுத்தாதீர்கள். தடித்த ஏட்டின்மேல் மூடி ஒரு பக்கமாகத்தான் அமரும். அழுத்தம் வேண்டாத இடத்தில் விழும். மூடியைத் திறந்தே வைத்துவிட்டு, முதுகின் இருபுறமும் இரண்டு உள்ளங்கைகளாலும் சமமாக அழுத்துவது போதும். அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது ஏட்டின்மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் இடுக்கின் சாயலை மாற்றிவிடும். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், அந்தத் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகுங்கள். வெள்ளைத் தாளைச் செருகினால் பின்பக்க எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

அழுத்தும்போது நறுக்கென்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அது உலர்ந்துபோன பசையோ தையல் நூலோ விடுபடும் சத்தம். அந்த ஏட்டுக்கு ஸ்கேனர் ஒத்துவராது.

அறிகுறி: இடுக்கின் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு

சிறிய டைரியை முழு விரிப்பாக ஏ4 கண்ணாடியில் வைத்தால் இது வரும். டைரியின் முதுகு, நகரும் விளக்குப் பட்டைக்கு இணையாக இருக்கிறது. பல ஸ்கேனர்களில் வெளிச்சம் பட்டையின் ஒரு பக்கத்திலிருந்துதான் சாய்வாக வருகிறது. வெளிச்சத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும் தாள் பளிச்சிடுகிறது. முதுகைக் காட்டிச் சரிந்திருக்கும் தாள் இருள்கிறது.

டைரியை அதே இடத்தில் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இப்போது மறுபக்கம் இருளும். இரண்டு படங்களிலிருந்தும் நன்றாக வந்த பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வரிகள் இடுக்கை நெருங்கும்போது வளைகின்றன

வரி வளைந்தால் உங்களுடையது லென்ஸ் உள்ள கருவி: சிசிடி ஸ்கேனர் அல்லது கைபேசிக் கேமரா. லென்ஸுக்குத் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். கண்ணாடியை விட்டு எழும்பிய இடம் லென்ஸுக்குச் சற்று தூரம். ஆகவே அது படத்தின் நடுவை நோக்கி இழுபடுகிறது. சிஐஎஸ் வகையில் ஒவ்வொரு புள்ளியும் அதற்கு நேர் மேலே உள்ளதையே பார்ப்பதால் இந்த இழுப்பு கிடையாது. அங்கே வரி வளைந்தால், ஏட்டைக் கோணலாக வைத்திருக்கிறீர்கள் அல்லது தாள் மடிந்திருக்கிறது.

சிசிடி ஸ்கேனரில் இந்த இழுப்பு ஒரே திசையில்தான் நடக்கும்: விளக்குப் பட்டையின் நீளவாக்கில். பட்டை நகரும் திசையில் நடக்காது, ஏனென்றால் லென்ஸும் பார்வையும் பட்டையோடு சேர்ந்தே நகர்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். எழுத்து வரிகள் பட்டைக்கு இணையாக ஓடும்படி ஏட்டை வையுங்கள். அப்போது இழுப்பு வரியின் நீளவாக்கிலேயே நடக்கும். எழுத்து கொஞ்சம் இடம் மாறும், ஆனால் வரி நேராகவே இருக்கும். முழு விரிப்பாகக் குறுக்கே வைத்தால் இழுப்பு வரிக்குக் குறுக்காக நடந்து, மேல்வரிகள் கீழ்நோக்கியும் கீழ்வரிகள் மேல்நோக்கியும் வளையும். டைரியை ஒரே தடவையில் இரண்டு பக்கமாக எடுத்து நேரத்தைச் சேமிக்க நினைப்பவர்கள், அந்த நேரத்தைப் பிறகு வளைவை நிமிர்த்துவதில் செலவழிக்கிறார்கள்.

ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டீர்கள், ஏடும் உரியவரிடம் போய்விட்டது என்றால் ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். பக்கங்களைப் பிரித்து, சாய்வைத் திருத்தி, கடைசிக் கட்டமான `Output`-க்கு வந்ததும் `Dewarping` என்ற பகுதி இருக்கும். அச்சிட்ட புத்தகத்துக்கு அதன் தானியங்கி முறை நன்றாக வேலை செய்கிறது. கையெழுத்துப் பேரேட்டில் அது தடுமாறும்; வரி எது, அடிக்கோடு எது, கையெழுத்தின் சுழி எது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. `Manual` என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின்மேல் ஒரு வலை தோன்றும். அதன் மேல்வளைவைப் பேரேட்டின் தலைப்புக் கோட்டின்மேல் பொருத்துங்கள். கீழ்வளைவைக் கடைசி அச்சுக்கோட்டின்மேல் பொருத்துங்கள். இடுக்கை ஒட்டிய கடைசி இரண்டு சென்டிமீட்டரில் வளைவு செங்குத்தாக மாறும். வளைவின்மேல் சொடுக்கிப் புள்ளிகளைச் சேர்த்து அங்கே நெருக்கமாக வையுங்கள். நடுப்பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் போதும். புள்ளிகளை அங்கேயும் அள்ளித் தெளித்தால் நேராக இருந்த வரியில் புதிதாக அலை வரும்.

பிறகு `Depth perception` என்ற நகர்த்தியைப் பாருங்கள். அதை நகர்த்தினால் இடுக்கருகே உள்ள எழுத்துகளின் அகலம் மாறும். இங்கேதான் பேரேட்டின் நெடுக்கோடுகள் பயன்படுகின்றன. அணாக் கட்டத்தின் அகலத்தை, நிழல் விழாத வேறொரு பக்கத்தில் உள்ள அணாக் கட்டத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்வரை நகர்த்துங்கள். கண்ணால் ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிட்டால் எண்கள் உப்பிப்போய் நிற்கும்.

அறிகுறி: வரி நேராக இருக்கிறது, எழுத்து மட்டும் நெருக்குண்டு ஒல்லியாக இருக்கிறது

தாள் சரிந்து நிற்பதால் அதன் அகலம் படத்தில் குறைவாக விழுகிறது. 45 பாகை சரிந்தால் பத்து மில்லிமீட்டர் கட்டம் ஏழு மில்லிமீட்டராகத் தெரியும். 60 பாகையில் ஐந்துதான். மேலே சொன்ன மென்பொருள் வரியின் வளைவைப் பார்த்தே தாளின் சரிவைக் கணிக்கிறது. வரி நேராக இருந்தால் அதற்குத் துப்பு எதுவும் கிடைக்காது. எழுத்து படிக்க முடிகிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. படிக்க முடியவில்லை என்றால், அந்தப் பட்டையை மட்டும் வெட்டி, கட்டம் தன் அகலத்துக்கு வரும்வரை குறுக்காக இழுத்துப் படித்துக்கொள்ளலாம். படிப்பதற்காக இழுத்ததை மூலக்கோப்பின் மேல் சேமித்துவிடக் கூடாது.

அறிகுறி: எழுத்து தையலுக்குள்ளேயே போய்விடுகிறது

ஏட்டைத் திறந்து தையலைப் பாருங்கள். தாள்கள் கொத்துக் கொத்தாக மடிக்கப்பட்டு, மடிப்பின் நடுவில் நூல் ஓடினால் ஏடு ஓரளவு விரியும். கிழிந்த பதிவேடுகளைப் பின்னாளில் மறுபைண்டிங் செய்யும்போது பலர் அப்படித் தைப்பதில்லை. மொத்தத் தாள்களையும் அடுக்கி, முதுகோரமாகத் துளையிட்டு, பக்கவாட்டில் குத்தித் தைத்துவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான ஓரம் அப்படியே உள்ளே போய்விடும். எவ்வளவு அழுத்தினாலும் அது கண்ணாடிக்கு வராது. வந்தால் தாள் தையலோரம் கிழிந்துதான் வரும்.

இதற்குக் கேமராதான் வழி. ஏட்டைத் தட்டையாக விரிக்காமல் செங்கோணத்துக்குச் சற்று அதிகமாக மட்டும் திறக்க வேண்டும். ஒரு பாதி மேசைமேல் கிடக்கட்டும். மறுபாதி, கனமான பெட்டி ஒன்றில் சாய்ந்து நிற்கட்டும். கிடக்கும் பக்கத்தின்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை, அதன் விளிம்பு இடுக்கைத் தொடும்படி வைத்தால் தாள் கடைசிவரை படியும். கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தாளை வெட்டும். கைபேசியை ஸ்டாண்டில், கிடக்கும் பக்கத்துக்கு இணையாக, அரை மீட்டர் உயரத்தில் பொருத்தி, இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். பக்கத்தில் வந்து அகல லென்ஸில் எடுத்தால் வளைவு கூடும்.

விளக்கு எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள டியூப்லைட்டில் எடுத்தால், நிற்கும் பாதி தன் நிழலை இடுக்குக்குள் போடலாம். கண்ணாடியில் விளக்கும் தெரியும். மேசை விளக்கு ஒன்றைக் கிடக்கும் பக்கத்தின் வெளியோரத்தில், அதாவது முதுகுக்கு எதிர்ப்புறத்தில், 45 பாகைச் சாய்வில் வையுங்கள். வெளிச்சம் நேராக இடுக்கை நோக்கிப் போகும். நிற்கும் பக்கத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒன்றைச் சாத்தினால் அது அந்த வெளிச்சத்தை இடுக்குக்குள் திருப்பிவிடும். கைபேசியின் பிம்பம் கண்ணாடியில் விழுந்தால், கைபேசியைச் சுற்றிக் கறுப்புத் தாளில் துளையிட்டு மாட்டுங்கள்.

முதலில் வலப்பக்கங்கள் அனைத்தையும், பிறகு ஏட்டைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள் அனைத்தையும் எடுப்பது வேகம். கோப்புப் பெயர்களுக்கு ஏட்டின் பக்க எண்ணையே வைத்துவிட்டால் பிறகு கோப்பதில் குழப்பம் வராது.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

டைரி என்றால் படித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பேரேட்டில் கணக்கே சாட்சி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆகவே அணாக் கட்டத்தில் 15-க்கு மேலும், பை கட்டத்தில் 11-க்கு மேலும் எண் வராது. வந்தால் நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகு எழுதிய பக்கங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே 99 வரை வரும்.

அடுத்தது கூட்டுத்தொகை. இடுக்கோரமாக இப்படி நான்கு தொகைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 12-8-6, 8-15-0, 7-4-9, 20-0-3. பைகளைக் கூட்டினால் 18, அதாவது ஓர் அணா ஆறு பை. அணாக்கள் அந்த ஒன்றோடு சேர்த்து 28, அதாவது ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. ரூபாய் 48. ஆனால் பக்கத்தின் அடியில் கணக்கப்பிள்ளை எழுதியிருப்பது 43-12-6. அணாவும் பையும் பொருந்துகின்றன. ரூபாயில் சரியாக ஐந்து இடிக்கிறது. நெருக்குண்ட 3, இடது வாய் மூடி 8 போலத் தெரிந்தால் வரும் வித்தியாசம் அது. இரண்டாவது தொகை 3-15-0. வித்தியாசம் ஆறாக இருந்தால் 1-ஐயும் 7-ஐயும் சந்தேகப்படுங்கள்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, இடுக்கைக் கண்ணாடிக்குள் தள்ளி, மறுபடி ஸ்கேன் செய்து 3 என்று உறுதிசெய்துகொள்ளலாம். மறுபடி எடுத்த படத்தில் பளிச்சென்று 8 என்றே தெரிந்தால், தவறு கணக்கப்பிள்ளையுடையது. அதைத் திருத்தாமல் உள்ளபடியே படியெடுத்து, பக்க எண்ணோடு தனியாகக் குறித்து வையுங்கள்.